கிரேன் சுமை நழுவியது, யாருக்கும் காயமில்லை: அறிக்கையில் என்ன எழுதுவது?

"தூக்கும்போது சுமை நழுவியது. யாருக்கும் காயமில்லை. கவனமாக இருக்கும்படி தொழிலாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது."

கட்டுமானத் தளங்களின் சம்பவப் பதிவேட்டைப் புரட்டினால் இந்த மூன்று வரிகள் எங்காவது கண்ணில் படும். எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இதைப் படிக்கும் அடுத்த ஷிப்ட்காரருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. எந்தச் சுமை, எப்படிக் கட்டியிருந்தார்கள், எந்தப் பக்கம் நழுவியது, ஆட்கள் எவ்வளவு தொலைவில் நின்றார்கள், யார் சைகை காட்டியது என்று எதுவுமே இல்லை. நாளைக்கும் சுமையைக் கட்டிக் கொக்கியில் மாட்டும் அதே ஸ்லிங்கை எடுத்து, அதே மாதிரி கட்டி, அதே இடத்தில் தூக்குவார்கள்.

சுமை நழுவிய சம்பவத்தை அறிக்கையாக எழுதும்போது மூன்று விஷயங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தூக்குத் திட்டத்தில் என்ன எழுதியிருந்தது, சைகை யாரிடமிருந்து எப்படி வந்தது, ஆட்கள் வரக் கூடாத பகுதி எதுவரை நீண்டிருந்தது என்பவையே அவை. ஒவ்வொன்றிலும் காகிதத்தில் இருந்ததற்கும் தரையில் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை எழுதினால் அறிக்கை தானாகவே உருவாகிவிடும். கற்பனையான ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். தளம் கற்பனை; எடையும் கோணமும் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியவை.

நடந்தது என்ன

சாரம் கட்டும் இரும்புக் குழாய்கள், 60 எண்ணிக்கை, ஒரே கட்டாகக் கம்பியால் கட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம். வெளி விட்டம் 48.3 மில்லிமீட்டர், சுவர்த் தடிமன் 4 மில்லிமீட்டர் என்றால் ஒரு குழாய் சுமார் 26 கிலோ வரும். மொத்தக் கட்டு ஏறத்தாழ 1,570 கிலோ. அதைத் தரையிலிருந்து எடுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் முற்றத்தில் இறக்க வேண்டும். டவர் கிரேனுக்கு இது பெரிய எடையே அல்ல. அந்தத் தொலைவில் அது இதைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்கும்.

கட்டு 9 மீட்டர் உயரத்தில் சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. முற்றத்துக்கு மேல் வரும்போது ஒரு முனை தாழ்கிறது. கிட்டத்தட்ட அதே நொடியில் கிரேன் வெடுக்கென்று நிற்கிறது. ஒரு பக்கத்து ஸ்லிங் நடுப்பகுதியை நோக்கி 40 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது. கட்டு சாய்ந்து, கட்டுக்கம்பி தளர்ந்து, மூன்று குழாய்கள் உருவிக்கொண்டு கீழே விழுகின்றன. அதில் ஒன்று செங்குத்தாகத் தரையில் குத்தி, பிறகு வெளிப்பக்கமாகச் சாய்கிறது. அதன் நுனி, பலகை அறுத்துக்கொண்டிருந்த இரண்டு தச்சர்களிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளித் தரையில் மோதுகிறது.

9 மீட்டரிலிருந்து விழும் பொருள் தரையைத் தொட 1.4 விநாடி போதும். தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர். யாரோ "ஏய்!" என்று கத்தி, அது காதில் விழுந்து, தலை நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எச்சரிக்கைக் குரலை நம்பி ஆட்களைப் பக்கத்தில் நிறுத்தி வைக்கக் கூடாது என்பதற்கு இந்த 1.4 விநாடியே போதிய காரணம்.

எழுதுவதற்கு முன்

சுமை இன்னும் மேலே தொங்குகிறது, சாய்ந்த நிலையில், 57 குழாய்களோடு. இந்த நேரத்தில் பேனாவைத் தேடக் கூடாது. கிரேன் ஆபரேட்டர் இருக்கையை விட்டு எழக் கூடாது. கீழே விழுந்த குழாய்களை எடுக்க யாரும் ஓடக் கூடாது. மனிதர்களுக்கு இது மிகவும் கடினமான விதி, ஏனென்றால் விழுந்ததை எடுத்து ஓரமாக வைப்பது கைகளின் இயல்பு. முதலில் ஆட்களை வெளியேற்றி, இருந்ததைவிடப் பெரிய வட்டத்தைக் காலி செய்ய வேண்டும்.

பிறகு மேற்பார்வையாளர் ஒரு முடிவுக்கு வர வேண்டும். சுமைக்கு நேர் கீழே தரை காலியாக இருந்து, கிரேனைத் திருப்பாமல் அப்படியே இறக்க முடியுமென்றால், ஒரே ஒரு சைகையாளரின் சொல்லுக்கு ஏற்ப மிக மெதுவாக இறக்கலாம். திருப்ப வேண்டியிருந்தால் பக்கவாட்டு அசைவில் இன்னும் குழாய்கள் உருவலாம். அப்போது சுமையை அசைக்காமல் நிறுத்தி வைத்துவிட்டு, தூக்குத் திட்டம் போட்டவரை அழைத்து யோசிப்பதே சரி.

தரையில் இறங்கியதும் ஸ்லிங்கைக் கழற்றத் தோன்றும். அதற்கு முன்பு கட்டின் மேல் ஸ்லிங் இருக்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, முனையிலிருந்து எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து, படம் எடுக்க வேண்டும். ஸ்லிங் முதலில் இருந்த இடத்தில் பெரும்பாலும் அழுத்தத் தடமோ துடைபட்ட தடமோ தெரியும். அந்தத் தடத்துக்கும் இப்போதைய இடத்துக்கும் உள்ள தூரம்தான் நழுவிய அளவு. 40 சென்டிமீட்டர் என்று அறிக்கையில் எழுத முடிவது இதனால்தான். ஸ்லிங்கைக் கழற்றிக் குவியலில் போட்டுவிட்டால் பிறகு "கொஞ்சம் நகர்ந்தது" என்று மட்டுமே எழுத முடியும்.

கழற்றிய ஸ்லிங்குகளில் "பயன்படுத்தக் கூடாது" என்ற சீட்டைக் கட்டித் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். அவற்றில் குறை இல்லாமலும் இருக்கலாம். பரிசோதிக்கும்வரை அது நமக்குத் தெரியாது.

தூக்குத் திட்டமும் நடந்ததும்

தூக்குத் திட்டம் என்றதும் தடிமனான கோப்பை நினைத்துப் பயப்பட வேண்டாம். வழக்கமான தூக்குதலுக்கு ஒன்றிரண்டு பக்கம் போதும். சுமையின் எடை, கிரேனிலிருந்து உள்ள தொலைவு, அந்தத் தொலைவில் கிரேனின் திறன், எந்த ஸ்லிங், எவ்வளவு நீளம், எப்படிக் கட்டுவது, எந்த வழியாகப் போவது, எங்கே இறக்குவது, காற்று எந்த வேகத்தைத் தாண்டினால் நிறுத்துவது, யார் சைகை காட்டுவது, யார் எங்கே நிற்கக் கூடாது ஆகியவை அதில் இருக்கும்.

நம் சம்பவத்தில் திட்டம் இப்படிச் சொல்கிறது: 6 மீட்டர் நீள ஸ்லிங் இரண்டு. ஒவ்வொன்றும் கட்டின் முனையிலிருந்து ஒன்றரை மீட்டர் உள்ளே. கட்டை இரண்டு முறை சுற்றிச் சுருக்குப் போட வேண்டும். அன்று தளத்தில் 6 மீட்டர் ஸ்லிங்குகள் வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தன. கையில் இருந்தவை 5 மீட்டர். இரண்டு சுற்றுக்கு அவை போதாது என்று பட்டதால், ஸ்லிங் கட்டுபவர் கட்டுக்கு அடியில் அவற்றை நுழைத்து, இரண்டு முனைகளையும் கொக்கியில் மாட்டினார். தொட்டில் கட்டுவதைப் போல. தொட்டில் கட்டு என்றே இதைச் சொல்லிக்கொள்வோம்.

இதில் அவர் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு. அதை அறிக்கையில் கட்டாயம் பதிய வேண்டும். நேராகத் தொங்கவிட்டால் 2 டன் தாங்கும் ஸ்லிங், சுருக்குப் போட்டால் அதில் ஏறத்தாழ 80 சதவீதமே தாங்கும். அதே ஸ்லிங்கைத் தொட்டிலாகக் கட்டி, இரு கால்களும் செங்குத்தாக நின்றால் இரண்டு மடங்கு, அதாவது 4 டன் தாங்கும். ஆகவே தொட்டில் கட்டே பாதுகாப்பானது என்று அவர் நினைத்தார். வலிமையை மட்டும் பார்த்தால் அது உண்மை. ஆனால் வலிமை வேறு, பிடிப்பு வேறு. சுருக்கு, சுமை ஏற ஏற இறுகிக் கட்டைக் கவ்வும். தொட்டில் கட்டைத் தாங்குமே தவிரக் கவ்வாது.

கோணம் இதோடு சேர்ந்துகொண்டது. இரண்டு ஸ்லிங்குகளும் கட்டின் மேல் 3 மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. மேலே ஒரே கொக்கியில் சேர்கின்றன. ஆகவே அவை உள்நோக்கிச் சாய்ந்தே நிற்கும். சாயச் சாய, சுமையைத் தூக்குவதோடு கூடவே அவை ஒன்றையொன்று நோக்கி நகரவும் முயலும்.

திட்டப்படி கட்டியிருந்தால், இரண்டு சுற்றுகளுக்குப் போனது போக, கட்டிலிருந்து கொக்கிவரை சுமார் 3.2 மீட்டர் மிஞ்சும். செங்குத்திலிருந்து ஏறத்தாழ 28 பாகை சாய்வு. ஒவ்வொரு பக்கமும் தாங்கும் எடை 785 கிலோ. அந்தச் சாய்வில் ஸ்லிங்கை உள்நோக்கித் தள்ளும் விசை சுமார் 420 கிலோ எடைக்குச் சமம். நடந்ததில், 5 மீட்டர் ஸ்லிங் அடியில் சென்று இரண்டாக மடங்கியதால் ஒவ்வொரு காலும் 2.1 மீட்டர்தான். சாய்வு ஏறத்தாழ 45 பாகை. உள்நோக்கிய விசை சுமார் 800 கிலோ. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதை எதிர்த்து நின்றது குழாய்க்கும் ஸ்லிங்குக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. காலையில் பெய்த மழையில் குழாய்கள் ஈரமாக வேறு இருந்தன.

ஸ்லிங் அறுந்துபோகவில்லை என்பதைக் கவனியுங்கள். கிரேன் அதிகச் சுமையால் திணறவும் இல்லை. ஒவ்வொரு ஸ்லிங்கிலும் ஏறிய இழுவை ஏறத்தாழ 1,120 கிலோ. அது தாங்கும் அளவுக்குள்தான் இருந்தது. ஆகவே "கருவியில் கோளாறு இல்லை" என்று எழுதிக் கோப்பை மூடிவிட யாருக்கும் தோன்றும். அறிக்கையில் ஸ்லிங்கின் நீளமும் கட்டிய விதமும் இல்லையென்றால் அப்படித்தான் மூடுவார்கள்.

சைகை: யார், எப்போது, என்ன

கிரேன் ஆபரேட்டருக்கு முற்றம் தெரியாது, சுவர் மறைக்கிறது. அதனால் வாக்கி-டாக்கி எனும் வானொலிக் கருவியில் சைகையாளர் வழி சொல்லிக்கொண்டிருந்தார். சுவரின் மேல் விளிம்பில் நின்ற உதவியாளர் ஒருவர் ஆபரேட்டரின் கண்ணுக்குத் தெரிந்தார். அவர் ஒரு கையை உயர்த்தி உள்ளங்கையை முன்பக்கம் காட்டினார். வானொலியில் "வலது, வலது" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஆபரேட்டர் உயர்த்திய கையைப் பார்த்து நிறுத்தினார்.

இது சரியா தவறா என்ற கேள்வி உடனே எழும். சரி. இயக்கும் சைகையை ஒருவர் மட்டுமே தர வேண்டும். நிறுத்தும் சைகையை யார் தந்தாலும் ஆபரேட்டர் கீழ்ப்படிய வேண்டும். கிரேன் வேலையில் பொதுவாக ஏற்கப்பட்ட விதி இது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. "நிறுத்து" என்பதற்கு உலகம் முழுவதும் ஒரே சைகை இல்லை. ஐரோப்பிய வழக்கில் வலது கையை உயர்த்தி உள்ளங்கையை முன்னே காட்டினால் நிறுத்து. வட அமெரிக்க வழக்கில் ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, தரைக்கு இணையாக முன்னும் பின்னும் வீச வேண்டும். இரண்டு கைகளையும் அப்படி வீசினால் அவசர நிறுத்தம். கிரேன் கைச்சைகைகளுக்கென்று ஐ.எஸ்.ஓ. 16715 என்ற சர்வதேசத் தரமும் இருக்கிறது. வெவ்வேறு இடங்களில் வேலை பழகியவர்கள் ஒரே தளத்தில் சேரும்போது, காலையில் ஐந்து நிமிடம் நின்று எந்தச் சைகையை வைத்துக்கொள்கிறோம் என்று கைகளால் காட்டிக்கொள்ளாவிட்டால் குழப்பம் நிச்சயம். நம் ஆபரேட்டர் உயர்ந்த கையைச் சரியாகப் புரிந்துகொண்டார். வேறொருவர் அதை வணக்கம் என்றுகூட எடுத்துக்கொண்டிருக்கலாம்.

வானொலியிலும் ஒரு பழக்கம் கவனிக்கத்தக்கது. "இறக்கு… இறக்கு… இறக்கு…" என்று அசைவு நடக்கும்வரை சொல் தொடர்ந்து கேட்க வேண்டும். சொல் நின்றால் கிரேனும் நிற்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் வா" என்று ஒருமுறை சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால், பேட்டரி தீர்ந்துபோனாலும் ஆபரேட்டர் வந்துகொண்டேதான் இருப்பார்.

இனி அறிக்கை எழுதுபவர் தடுமாறும் இடம். உதவியாளர் கையை உயர்த்தியது, முனை தாழ்ந்ததைப் பார்த்ததாலா? அல்லது அவர் வேறு எதற்கோ நிறுத்தச் சொல்லி, வெடுக்கென்று நின்ற அதிர்வில் ஸ்லிங் நழுவியதா? முதலாவது என்றால் நழுவல் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. இரண்டாவது என்றால் திடீர் நிறுத்தமும் காரணங்களில் ஒன்று. உதவியாளர் "முனை தாழ்ந்ததைப் பார்த்துத்தான் கையைத் தூக்கினேன்" என்கிறார். சைகையாளர் "நின்ற பிறகுதான் சாய்ந்தது" என்கிறார்.

இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து "எது சரி, பேசி முடிவு செய்யுங்கள்" என்றால், சத்தமாகப் பேசுபவரின் கதைதான் எஞ்சும். தனித்தனியாகக் கேட்டு, அவரவர் சொன்னதை அவரவர் சொல்லிலேயே எழுத வேண்டும். முரண்பாட்டை மறைக்க வேண்டாம். பல கிரேன்களில் சுமையையும் அசைவுகளையும் நேரத்தோடு பதிவு செய்யும் கருவி இருக்கும். அந்தப் பதிவை உடனே எடுத்துப் பாதுகாக்கும்படி கேட்டால், நிறுத்தம் எந்த நொடியில் வந்தது, எவ்வளவு வேகத்திலிருந்து வந்தது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நாடா எங்கே கட்டியிருந்தது

எனக்கு இந்தச் சம்பவத்தில் மிகவும் உறுத்துவது இந்தப் பகுதிதான். தச்சர்கள் இருவரும் எந்த விதியையும் மீறவில்லை. சிவப்பு வெள்ளை நாடாவுக்கு வெளியேதான் இருந்தார்கள். நாடாதான் தவறான இடத்தில் இருந்தது.

திட்டத்தில், இறக்கும் இடத்தில் கொக்கிக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் 12 மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அன்று கட்டியிருந்த நாடா 4 மீட்டரில். கை வண்டி போக வழி வேண்டுமென்று யாரோ காலையில் நாடாவை உள்ளே நகர்த்தியிருந்தார்கள். தச்சர்கள் 10 மீட்டர் தொலைவில் இருந்தார்கள்: நாடாவைப் பொறுத்தவரை வெளியே, திட்டத்தைப் பொறுத்தவரை உள்ளே.

12 மீட்டர் என்பது எங்கிருந்து வந்தது? புதிதாக வேலைக்கு வருபவர்கள் பலர், சுமைக்கு நேர் கீழே நிற்காவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கட்டு 6 மீட்டர் நீளம். அது கொக்கியில் சுழலக்கூடியது; எனவே எந்தத் திசையிலும் 3 மீட்டர்வரை அதன் முனை வரலாம். முனையிலிருந்து உருவி விழும் குழாய் செங்குத்தாகக் குத்திச் சாய்ந்தால் இன்னொரு 6 மீட்டர் எட்டும். மூன்றும் ஆறும் ஒன்பது. சுமை ஊசலாடுவதற்கும், குழாய் தரையில் பட்டுத் துள்ளுவதற்கும் மேலும் 3 மீட்டர். நம் சம்பவத்தில் குழாயின் நுனி விழுந்தது ஏறத்தாழ 9 மீட்டரில். கணக்கு அப்படியே நடந்து காட்டியது. தச்சர்கள் இருந்தது அந்த மேலதிக 3 மீட்டருக்குள்தான்.

இந்த 12 எல்லாத் தூக்குதலுக்கும் பொருந்தாது. ஒரு கான்கிரீட் வாளிக்கு வேறு கணக்கு, காற்றில் பட்டம்போல் திரும்பும் கான்கிரீட் அச்சுப் பலகைக்கு வேறு கணக்கு. சுமை என்ன வடிவம், அவிழ்ந்தால் எந்தத் துண்டு எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு உயரத்திலிருந்து விழும் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் போட வேண்டும். இன்னொன்று: தடைப் பகுதி இறக்கும் இடத்தில் மட்டும் இருக்கும் வட்டம் அல்ல. எடுக்கும் இடத்திலிருந்து இறக்கும் இடம்வரை சுமை போகும் பாதை முழுவதும் அது கூடவே நகர்கிறது. பாதை நெடுக நாடா கட்ட முடியாத இடங்களில் ஆட்களை நிறுத்தி வழி மறிக்க வேண்டும். அல்லது ஆட்கள் இல்லாத வழியாகச் சுமையைக் கொண்டுபோக வேண்டும்.

ஆகவே அறிக்கையில் "தொழிலாளர்கள் அருகில் இருந்தனர்" என்பது போதாது. யார் எங்கே நின்றார்கள் என்று ஒரு கைப்படம் வரைந்து, அளந்த தூரங்களைக் குறிக்க வேண்டும். கொக்கியின் நேர் கீழ்ப் புள்ளி, நாடா, விழுந்த குழாய், ஆட்கள் ஆகிய நான்கும் இருந்தால் போதும். அழகாக இருக்க வேண்டியதில்லை.

யாரிடம், எப்போது

முதல் தகவல் வாய்மொழியாக உடனே மேற்பார்வையாளருக்குப் போக வேண்டும்; எழுத்து அதே ஷிப்டுக்குள். நினைவு வேகமாக மாறக்கூடியது. மறுநாள் எழுதினால், நடந்ததற்குப் பதில் தேநீர் நேரத்தில் எல்லோரும் பேசித் தேற்றிய கதையைத்தான் எழுதுவோம்.

அரசு ஆய்வு அமைப்புக்கும் சொல்ல வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். கடுமையான காயம் ஏற்பட்டால் சொல்ல வேண்டும் என்பது பொதுவானது. காயமே இல்லாவிட்டாலும் சில வகை ஆபத்தான நிகழ்வுகளைத் தெரிவிக்கக் கோரும் சட்டங்களும் இருக்கின்றன. அதைத் தீர்மானிப்பது தளத்தின் பாதுகாப்பு அலுவலரின் பொறுப்பு. தூக்குதலில் இருந்தவர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அவருடைய அறிக்கையை வைத்துத்தான் அந்த முடிவே எடுக்கப்படும்.

தச்சர்களும் அறிக்கை தரலாம். "நாங்கள் கிரேன் குழு இல்லையே" என்று அவர்கள் தயங்குவார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1988ஆம் ஆண்டுக் கட்டுமானப் பாதுகாப்பு உடன்படிக்கை, எண் 167, தன் உயிருக்கோ உடலுக்கோ உடனடியான கடும் ஆபத்து இருக்கிறது என்று நம்பத் தக்க காரணமிருந்தால் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்கிறது. அதே மூச்சில், அதை உடனே மேற்பார்வையாளரிடம் தெரிவிப்பது அவர் கடமை என்றும் சொல்கிறது. விலகுவதும் சொல்வதும் ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கின்றன.

எழுதிப் பார்ப்போம்

ஒரு சொல்லை மட்டும் விலக்கி வையுங்கள்: "கவனக்குறைவு". அது காரணத்தைச் சொல்வதுபோல் தோன்றும், ஆனால் ஒன்றையும் சொல்லாது. யாருடைய கவனம், எதிலிருந்து, ஏன் குறைந்தது? 6 மீட்டர் ஸ்லிங் ஏன் கையில் இல்லை என்ற கேள்வியை அந்தச் சொல் மூடிவிடும். "திடீரென்று நழுவியது" என்பதும் அதே இனம். 45 பாகையில் ஈரக் குழாய் நழுவுவதில் திடீர் எதுவும் இல்லை.

முதலில் பார்த்த மூன்று வரிகளுக்குப் பதிலாக, நம் அறிக்கை இப்படி இருக்கலாம்:

"காலை 10:40. டவர் கிரேன் மூலம் 60 சாரக் குழாய்கள் கொண்ட கட்டு, எடை சுமார் 1,570 கிலோ, சுவரைத் தாண்டி முற்றத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்தில் கிழக்குப் பக்க ஸ்லிங் நடுப்பகுதியை நோக்கி 40 சென்டிமீட்டர் நகர்ந்தது. கட்டு சாய்ந்து மூன்று குழாய்கள் விழுந்தன. யாருக்கும் காயமில்லை. ஒரு குழாயின் நுனி இரண்டு தச்சர்களிடமிருந்து 1 மீட்டரில் விழுந்தது.

தூக்குத் திட்டத்தில் 6 மீட்டர் ஸ்லிங், இரண்டு சுற்றுச் சுருக்கு என்று உள்ளது. பயன்படுத்தியது 5 மீட்டர் ஸ்லிங், தொட்டில் கட்டு. 6 மீட்டர் ஸ்லிங்குகள் மேற்குப் பகுதியில் பயன்பாட்டில் இருந்தன. மாற்றம் திட்டம் போட்டவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. குழாய்கள் மழையில் நனைந்திருந்தன.

சைகையாளர் வானொலியில் வலப்புறம் வரச் சொல்லிக்கொண்டிருந்தபோது சுவர்மேல் நின்ற உதவியாளர் நிறுத்தச் சைகை காட்டினார், ஆபரேட்டர் நிறுத்தினார். கட்டு சாய்ந்தது நிறுத்தத்துக்கு முன்பா பின்பா என்பதில் சைகையாளர், உதவியாளர் இருவர் கூற்றும் வேறுபடுகின்றன, இரண்டும் இணைக்கப்பட்டுள்ளன. கிரேன் பதிவுக் கருவியின் தரவு கோரப்பட்டுள்ளது.

தடைப் பகுதி திட்டத்தில் 12 மீட்டர். தளத்தில் நாடா 4 மீட்டரில் இருந்தது. தச்சர்கள் 10 மீட்டரில், நாடாவுக்கு வெளியே இருந்தனர். நாடாவை நகர்த்தியவர் யாரென்று உறுதியாகவில்லை. கைப்படமும் படங்களும் இணைப்பில். ஸ்லிங்குகள் சீட்டுக் கட்டித் தனியாக வைக்கப்பட்டுள்ளன."

இந்த அறிக்கை யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. ஆனால் படிப்பவர் செய்ய வேண்டிய வேலைகள் அதிலேயே தெரிகின்றன. கட்டும் விதம் மாறினால் தூக்குதலை நிறுத்திவிட்டுத் திட்டம் போட்டவரிடம் கேட்க வேண்டும் என்ற வரியைத் திட்டத்திலேயே சேர்க்கலாம். ஒரே கொக்கியில் இரு ஸ்லிங்குகள் சாய்வதைத் தவிர்க்க, நடுவே குறுக்குச் சட்டம் ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் இரு முனைகளிலிருந்து ஸ்லிங்குகளைச் செங்குத்தாக இறக்கலாம்; அப்போது உள்நோக்கிய தள்ளல் ஏறத்தாழ இல்லாமலே போகும், சுருக்கும் போட்டுவிட்டால் பிடிப்பும் கிடைக்கும். நாடாவுக்குப் பதிலாக, ஒருவர் போகிற போக்கில் நகர்த்த முடியாத தடுப்பு வைத்து, கை வண்டிக்கு வேறு வழி ஒதுக்கலாம். கடைசியாகச் சொன்னதைச் செய்யாமல் "நாடாவை நகர்த்தக் கூடாது" என்று பலகை மட்டும் மாட்டினால், வண்டி தள்ளுபவருக்கு வழி வேண்டியிருக்கும்வரை நாடா நகர்ந்துகொண்டேதான் இருக்கும்.